ஒரு பீரோ, இரண்டு தோள்கள்

தக்கலைக்கு அருகே நாங்கள் இருக்கும் வீட்டில் நானும் தம்பியும் மூன்று ஆண்டுகளாக ஒரே பீரோவிலிருந்து சட்டை எடுத்து அணிகிறோம். இதைக் கொள்கையாக எண்ணி நாங்கள் தொடங்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் மாதத்தில் ஒரு பருவமழையும் அக்டோபர் நவம்பரில் இன்னொன்றும் பெய்கின்றன. அந்த மாதங்களில் ஒரு பருத்திச் சட்டையைத் துவைத்தால் அது மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்துதான் காயும். சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியில் ஒரே வாரத்தில் கழுத்துப் பட்டியிலும் பை ஓரத்திலும் கரும்புள்ளிகள் விழுந்துவிடும்; அவை விழுந்தபின் எந்தச் சோப்புக்கும் போகா. அப்படி ஒரு ஜூனில் என்னுடைய நான்கு குர்தாக்கள் பாழானபோது, தம்பியின் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போனேன். அன்று மாலை அவன் கேட்ட ஒரே கேள்வி, "அக்கா, இதை நீயே வச்சுக்கிறியா, இல்ல நாளைக்கு எனக்குத் தருவியா?" என்பது.

எங்கள் பாட்டியின் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியான இங்கே பாட்டி முண்டும் நேரியலும் உடுத்தியவர். தாத்தாவும் முண்டு கட்டியவர். வெட்டாத, தைக்காத நீளத் துணி எந்த இடுப்பையும் கேள்வி கேட்காமல் சுற்றிக்கொள்ளும் என்பதால் இருவரின் துணியும் ஒரே பெட்டிக்குள் கிடந்தது. இங்கே உடை எக்காலத்திலும் எளிய விஷயமாக இருந்ததென்று நான் சொல்லவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் போராடிய மண் இது. 1859இல் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட பிரகடனம்கூடக் குப்பாயம் அணிய அனுமதித்துவிட்டு, உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் அணியக்கூடாது என்றொரு வேலியையும் போட்டுத்தான் வைத்தது. தளர்வான ஒரு மேற்சட்டைக்கு இத்தனை பெரிய வரலாறு இருக்கும் ஊரில், யார் சட்டை யாருக்கு என்ற கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் கதையில் தடையாக நின்றவை பெரும்பாலும் ஊராரின் சொற்கள் அல்ல. தோள், இடுப்பு, முன்பக்கம் ஆகிய மூன்று அளவுகள்தாம்.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆயத்த ஆடைக் கடையில் ஆண்களுக்கான பெரிய அளவுச் சட்டைகள் மூன்றை, மங்கலான நிறங்களாகப் பார்த்து வாங்கி வந்தோம். மூன்றும் என் உடம்பில் தோற்றன; தோற்ற விதம் ஒன்றுபோலவே இருந்ததால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. கழுத்து பெரிதாக இருந்தது சின்னக் குறைதான். தோள் தையல் என் தோள் முனையைத் தாண்டிக் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் கீழே இறங்கி, அந்த இடத்தில் துணி ஒரு சிறு கொம்பைப் போலப் புடைத்து நின்றது. மார்புக்கு நேராக இரண்டு பட்டன்களுக்கிடையே வாய் திறந்தது. நிற்கும்போது சரியாக இருந்த கீழ் விளிம்பு, உட்கார்ந்தவுடன் இடுப்பில் பிடித்து, கடைசிப் பட்டனை இழுத்தது. பெரிய அளவு வாங்கினால் தளர்வு கிடைக்கும் என்று நினைத்தது பிழை. பெரிய அளவு என்பது பெரிய ஆண் ஒருவருக்காக வெட்டப்பட்டதே தவிர, யாருக்கும் தளர்வாக இருக்கட்டும் என்று வெட்டப்பட்டதன்று. பெண்கள் பகுதியில் கிடைத்த தளர்வான சட்டை ஒன்றைத் தம்பி போட்டுப் பார்த்தபோது அவனுக்குத் தோள் இறுகி, கையை முன்னால் நீட்டினால் முதுகுத் துணி விறைத்துக்கொண்டது.

அதன்பின்தான் எங்கள் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாகத் தைத்து வரும் டெய்லர் அண்ணாச்சியிடம் இருவரும் சேர்ந்து போனோம். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சட்டையா? பிள்ளே, இது கூட்டுக் கணக்கு, கஷ்டம்" என்றார். ஆனாலும் அளவெடுத்தார். என் மார்பளவு 38 அங்குலம், தோள் 14.5, இடுப்பின் அகன்ற பகுதி 41. தம்பிக்கு மார்பு 37, தோள் 17.5, இடுப்பு 36. உயரத்தில் அவன் என்னைவிட ஐந்து அங்குலம் கூடுதல். இந்த எண்களைத் தாளில் பக்கம்பக்கமாக எழுதிப் பார்த்தபோதுதான், இதுவரை நாங்கள் பார்த்துவந்த மார்பளவில் எங்களுக்கிடையே ஓர் அங்குலமே வேறுபாடு என்பதும், பெரிய வேறுபாடு முழுவதும் தோளிலும் இடுப்பிலும் எதிரெதிர்த் திசைகளில் இருப்பதும் தெரிந்தது. கடைகளில் சட்டைக்கு எண் போடுவதோ மார்பை வைத்து.

இருவருக்கும் பொதுவாக நாங்கள் தேர்ந்தது பெட்டி வெட்டு. அது, பக்கத் தையல் அக்குளிலிருந்து கீழ் விளிம்புவரை உள்வளையாமல் நேர்கோட்டில் இறங்கும் வெட்டு. இடைக்கு ஒடுக்கமும் கிடையாது, மார்புக்கு இடம் தர மடித்துத் தைக்கும் டாட்டும் கிடையாது. இதில் முதலில் முடிவு செய்யவேண்டியது சட்டையின் முழுச் சுற்றளவு. வழக்கமான சட்டைக்கு உடம்பளவுக்கு மேல் நான்கைந்து அங்குலம் தளர்வு விடுவார்கள். பெட்டி வெட்டுக்கு எட்டு அங்குலமாவது வேண்டும். அந்தத் தளர்வை இருவரில் யாருடைய மார்பிலிருந்து எண்ணுவது என்று அண்ணாச்சி கேட்டபோது, நான் என்னுடைய 38ஐச் சொன்னேன். அப்படி 46 வந்தது. என் இடுப்பு 41 என்பதால் கீழ் விளிம்பில் ஐந்து அங்குலம் தளர்வு மீதமிருக்கும். ஆனால் உட்காரும்போது இடுப்பு இன்னும் விரியும் என்பதால் இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் திறப்பு விடச் சொன்னேன். திறப்பு விட்டதும் இடுப்பளவு கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது. அகலத்தைக் கூட்டி இடுப்பைச் சமாளித்திருந்தால் தம்பி அதற்குள் கூடாரத்துக்குள் நிற்பவனைப் போல இருந்திருப்பான்.

அடுத்தது தோள். சட்டையின் தோள் அகலத்தை 20 அங்குலம் என்று வைத்தோம். அப்படி வைத்தால் தம்பிக்குத் தையல் தோள் முனையிலிருந்து ஒன்றேகால் அங்குலம் இறங்கும், எனக்கு இரண்டே முக்கால் அங்குலம் இறங்கும். இருவருக்குமே தையல் தோள் முனையில் நிற்காது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குக் கொஞ்சம் தள்ளியும் இருந்தால், தள்ளி இருப்பவர் கடன் வாங்கிப் போட்டவரைப் போலத் தெரிவார். இருவருக்கும் தெளிவாக இறங்கியிருந்தால் அதுவே வெட்டின் இயல்பாகத் தெரியும். கையின் நீளத்தையும் தோளிலிருந்து அளக்காமல், பின்கழுத்தின் நடுவிலிருந்து அளந்தோம். பாதித் தோள் 10, அதற்குக் கீழே கை 10, மொத்தம் 20 அங்குலம். அது என் முழங்கையைத் தொட்டு நிற்கும். தம்பிக்கு முழங்கைக்கு மூன்று அங்குலம் மேலே நிற்கும். இரண்டுமே கண்ணுக்கு உறுத்தாத நீளங்கள்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் முதல் சட்டை தோற்றது. ஆயத்தச் சட்டையில் இருந்த அதே கொம்பு தோளின் கீழே மீண்டும் முளைத்திருந்தது. காரணம் கையின் தலைப்பகுதி. வழக்கமான சட்டைக் கையை விரித்துப் போட்டால் அதன் மேல்விளிம்பு ஒரு குன்றைப் போல உயர்ந்து வளைந்திருக்கும். அந்தக் குன்று தோள் முனையின் உருண்டைமேல் அமர்வதற்காக இருப்பது. தையலைத் தோளிலிருந்து கீழே இறக்கிவிட்டால் அங்கே உருண்டை இல்லை, நேரான கை மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்தக் குன்று அமர இடமில்லாமல் புடைத்து நிற்கிறது. அண்ணாச்சி சட்டையின் உடற்பகுதியை மாற்றி வெட்டினாரே தவிர, கையை நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் வெட்டியிருந்தார். இரண்டாவது முறை கையின் மேல்விளிம்பைப் பெரும்பாலும் தட்டையாக வெட்டி, கைக்குழியின் ஆழத்தை 10.5 அங்குலமாக வைத்தார். கொம்பு போய்விட்டது. தட்டைக் கைக்கு ஒரு விலை உண்டு: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளுக்கு அருகே துணி மடிப்பு விழும். அந்த மடிப்பைப் பிழை என்று நினைத்து இறுக்கச் சொன்னால், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறிவிடும். தைத்த சட்டையைக் கடையிலேயே போட்டு, இரு கைகளையும் உயர்த்திப் பாருங்கள். விளிம்பு இரண்டு அங்குலத்துக்குமேல் ஏறினால் கையின் தலைப்பகுதி இன்னும் உயரமாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சட்டையில் இன்னொரு குறை தெரிந்தது. அது என் உடம்பில் மட்டும் தெரிந்தது. முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கி நின்றது. மார்பின் மேடு முன்துணியின் நீளத்தை எடுத்துக்கொள்வதால் இது நேர்கிறது. டாட் போட்டால் சரியாகும்; ஆனால் டாட் போட்ட சட்டை தம்பிக்கு முன்னால் காலியான பையைப் போல நிற்கும். முன்பக்கத்தை மட்டும் நீட்டினால் அவனுக்கு முன்விளிம்பு தொங்கும். இதற்கு அண்ணாச்சியே வழி சொன்னார். தூக்கலை மறைக்கப் பார்க்காமல் பின்பக்கத்தை ஓர் அங்குலம் கூடுதலாக, முன் 27, பின் 28 என்று வெட்டி, பக்கத் திறப்பு அவற்றைப் பிரித்து வைக்கட்டும் என்றார். இப்போது தம்பிக்கு ஓர் அங்குல வேறுபாடும் எனக்கு இரண்டு அங்குல வேறுபாடும் தெரிகின்றன. இருவருக்கும் பின்பக்கம் நீளமான சட்டை என்றுதான் கண் வாசிக்கிறது. திறப்பு இல்லாவிட்டால் இது நடக்காது. முன்பக்கத் தூக்கல் பக்கத் தையலையும் சேர்த்து முன்னே இழுத்துக் கோணலாக்கிவிடும்.

பட்டன் விஷயம் சிறியது. ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டையில் வலப்பக்கம் மேலே வரும். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்றாலும், கவனிக்கிற சிலர் கட்டாயம் சொல்லிக்காட்டுவார்கள். எங்கள் வீட்டில் சித்திதான் அந்தச் சிலர். பட்டன்களை மூடும் மறைபட்டி வைத்ததில் அந்தக் கேள்வி போனது. மார்புக்கு நேரே வாய் திறப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இருந்தாலும் மார்பின் மிக உயர்ந்த இடத்துக்கு நேராக ஒரு காஜா வரும்படி முதலில் அதைக் குறித்துவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழுமாகப் பிரிக்கச் சொல்வது நல்லது. அண்ணாச்சிகள் வழக்கமாகக் கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள்.

துணி எடுப்பதில் நான் அதிகம் பணம் இழந்தேன். பெட்டி வெட்டில் உடம்பு சட்டைக்கு வடிவம் கொடுப்பதில்லை. துணியே வடிவம் கொடுக்கிறது. கஞ்சி ஏறிய தடித்த கதரில் தைத்த சட்டை பக்கவாட்டில் விரிந்து நின்று, நடக்கும்போது சட்டை ஒருபுறமும் நான் ஒருபுறமுமாக இருந்தோம். ரேயானில் தைத்தது நேர்மாறாக, வியர்த்தவுடன் உடம்போடு ஒட்டி, மறைக்க வேண்டிய வடிவங்களை எல்லாம் எடுத்துக்காட்டியது. நடுத்தர எடையுள்ள கைத்தறிப் பருத்தியே இருவருக்கும் பொருந்தியது. கடையில் நான் பார்க்கும் சோதனை எளியது: துணியின் ஒரு முனையை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெளியே விடுவேன். விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். தண்ணீர்போல மடிந்து மேசையின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டால் வேண்டாம். வளைந்து இறங்கி, மேசையைத் தொடாமல் நின்றால் எடுக்கலாம்.

வெட்டுக்கு முன் துணியை நனைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் எல்லோரும் தவிர்ப்பதும் அதையே. ஒருமுறை கைத்தறித் துணி ஒன்றில் இருபது அங்குலச் சதுரம் குறித்து, ஓர் இரவு நனைத்துக் காயப்போட்டு அளந்தேன். நீளவாக்கில் அது முக்கால் அங்குலம் குறைந்திருந்தது, அகலவாக்கில் அதில் பாதிகூட இல்லை. 27 அங்குல முன்பக்கத்துக்கு இந்தக் கணக்கில் ஓர் அங்குலம் போய்விடும். ஓர் அங்குலம் குறைந்தால் கையை உயர்த்தும்போது வயிறு தெரியும். ஆகவே சுருக்கத்தையும் சேர்த்து, 58 அங்குல அகலத் துணியில் சட்டைக்கு ஒன்றரை மீட்டரும், 36 அங்குல அகலக் கைத்தறியில் இரண்டரை மீட்டரும் எடுக்கிறேன். 36 அங்குல அகலத்தில் முன்னும் பின்னும் பக்கம்பக்கமாக அடங்கா, ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்டவேண்டியிருக்கும் என்பதே இந்தப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம். கடைக்காரர் விலையைச் சொன்னவுடன் அகலத்தைக் கேட்காமல் மலிவு என்று முடிவு செய்துவிடக்கூடாது.

கால்சட்டையைப் பகிர்வதில் நாங்கள் பாதியில் கைவிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் இடை 32, இடுப்பு 41. தம்பியின் இடையும் 32, ஆனால் இடுப்பு 36. எலாஸ்டிக்கும் நாடாவும் இடையைச் சரிசெய்யும், இடுப்பைச் சரிசெய்யா. எனக்கு உட்கார இடம் வேண்டுமானால் இடுப்பில் 45 அங்குலமாவது வேண்டும். அது அவனுக்கு ஒன்பது அங்குலத் தளர்வு. இருக்கைப் பகுதியில் துணி தொங்கி, தொடைக்கு இடையில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்தது. நேரான அகலக் கால் வைத்து ஒன்று தைத்தோம். வீட்டுக்கும் கடற்கரைக்கும் அது போதும், வேலைக்கு ஆகாது. கடைசியில் ஒரே துணியில், ஒரே நிறத்தில், தனித்தனி அளவில் தைத்துக்கொண்டோம். அவை தொங்கும்போது ஒன்றுபோலத் தெரிவதால், என்னுடையதற்குள்ளே பின்பட்டியில் ஒரு சிவப்புத் தையல் போட்டிருக்கிறேன். உண்மையில் பகிர முடிகிற ஒரே கீழாடை, சாரம் என்று நாங்கள் சொல்லும் கைலிதான். அதை நான் வீட்டில் உடுத்துவதைப் பார்த்துச் சித்தி கேட்டது, "இது உனக்கதா, அவனுக்கதா?" என்பது. இரண்டும்தான் என்றேன்.

எத்தனை சட்டை வேண்டும் என்பதை நிறமோ ஆசையோ முடிவு செய்யவில்லை. மழைதான் முடிவு செய்தது. அணிந்த நாள் ஒன்று, துவைத்துக் காய இரண்டு நாள், பீரோவுக்குள் வைக்குமுன் ஈரம் முழுதும் போகக் கொடியில் கூடுதலாக ஒரு நாள் என்று ஒரு சட்டை நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மீண்டும் கைக்கு வரும். இருவருக்கு எட்டுச் சட்டைகள். இதில் கழுத்துப் பட்டியும் பையும்தான் கடைசியில் காய்பவை என்பதால், மூன்றாவது சட்டையிலிருந்து பட்டிக்குள் கேன்வாஸ் வைப்பதை நிறுத்தி, மார்புப் பையையும் எடுத்துவிட்டுப் பக்கத் தையலில் ஒரு பை வைத்தோம். மார்புப் பை இல்லாததால் பேனா வைக்க இடமில்லை என்று தம்பி இன்றுவரை குறைப்படுகிறான். பை இருந்தால் என் உடம்பில் அது எங்கே அமரும் என்பதை அவன் யோசித்ததில்லை.

எட்டுச் சட்டைகளும் ஐந்து நிறங்களில் இருக்கின்றன: சலவை செய்யாத கோரா நிறம், காய்ந்த வாழைச்சருகின் நிறம், நீர்த்த நீலம், பாசிப்பச்சை, நனைந்த கல்லின் கருஞ்சாம்பல். கால்சட்டைகள் கரி நிறம், கருப்பட்டிப் பழுப்பு, வெளிர்காக்கி என மூன்று. ஐந்தை மூன்றால் பெருக்கினால் பதினைந்து சேர்க்கைகள் என்று தாளில் வரும், ஆனால் உடம்பில் பன்னிரண்டுதான் சரியாக வந்தன. மங்கலான நிறங்களெல்லாம் தம்முள் பொருந்திவிடும் என்பது பாதி உண்மை. நிறங்கள் சண்டையிடுவதில்லை என்பது சரி. ஆனால் மேலும் கீழும் ஒரே அளவு இருட்டாக இருந்தால், நிறம் வேறாக இருந்தாலும் முழு உருவமும் ஒரே பூச்சாகத் தெரிந்து, தூங்கி எழுந்த உடையைப் போலாகிவிடும். பாசிப்பச்சையும் வெளிர்காக்கியும் அப்படித்தான் தோற்றன. கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்ப்பதே இதற்கு எனக்குக் கிடைத்த நம்பகமான சோதனை. படத்தில் சட்டையும் கால்சட்டையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சேர்க்காதீர்கள். கடைக் குழல்விளக்கின் கீழே பார்த்துத் துணி எடுக்கவும் கூடாது. வாசலுக்கு எடுத்துவந்து பார்த்தபோது சாம்பல் என்று நினைத்த ஒரு துணி ஊதாவாக இருந்தது.

காக்கியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. இந்த எட்டோடு முதலில் எடுத்த ஒன்பதாவது சட்டை ஒன்று இருந்தது, அது காக்கி. அதைப் பழுப்புக் கால்சட்டையோடு அணிந்து தம்பி தக்கலை பஸ் நிலையத்தில் நின்றபோது, ஒரு பெரியவர் வந்து, "குலசேகரம் வண்டி எப்பம் எடுப்பிய?" என்று கேட்டார். அந்தச் சட்டை இப்போது தோட்ட வேலைக்கு.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் வியர்வைதான் கடைசித் தீர்ப்பைச் சொல்கிறது. நனைந்த துணி உலர்ந்ததைவிட இருண்டு தெரியும். அந்த வேறுபாடு மிகவும் துலங்குவது நடுத்தரச் சாம்பலிலும் நடுத்தர நீலத்திலும்தான். கடற்காற்றின் புழுக்கத்தில் காலை ஒன்பது மணிக்கே அக்குளும் முதுகும் வரைபடம்போலத் தெரியும். மிக வெளுத்த நிறத்திலும் மிக இருண்ட நிறத்திலும் அது அடங்கிவிடுகிறது. நடுநிறம் வேண்டுமென்றால் பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமுமாக நெய்த துணியை எடுப்பேன். இழைகளின் கலப்பிலேயே ஒரு சலசலப்பு இருப்பதால் ஈரம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வடசேரியிலும் இரணியல் பக்கத்திலும் நெசவு நடக்கிற ஊர் என்பதால் எங்களுக்கு இப்படிப்பட்ட துணியைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் நீர்த்த நீலம் அப்படி நெய்யப்பட்டதுதான். வெள்ளைப் பாவும் கருநீல ஊடையும்.

கோரா நிறத்துக்கு வியர்வை எதிரியன்று, கிணற்று நீர் எதிரி. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருக்கிறது. நான்கைந்து சலவையில் கோராச் சட்டை தோளிலும் மடிப்புகளிலும் துருமஞ்சளாயிற்று. அழுக்கு என்று நினைத்து பிளீச்சிங் நீரில் ஊறவைத்தேன். மஞ்சள் கூடி, ஆரஞ்சாக மாறியது. இரும்புக் கறைமேல் குளோரின் பட்டால் அது கறையைத் துருவாக்கி இன்னும் அழுத்தமாகப் பதிக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். வெந்நீரில் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசியபோது பெரும்பகுதி இறங்கியது. இதைச் சாயம் போட்ட துணியில் முதலில் உள்தையல் ஓரத்தில் சோதித்துவிட்டே செய்ய வேண்டும். இப்போது கோராச் சட்டைகள் இரண்டையும் மழைநீர் பிடித்து வைத்தே கடைசி அலசல் அலசுகிறேன். மழையைப் பற்றி நான் நன்றியோடு பேசும் ஒரே இடம் அது.

மூன்றாவது சட்டை சரியாக அமைந்த அன்று, அதன் வெட்டைத் தடித்த காகிதத்தில் எடுத்து வைக்கும்படி அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டேன். அந்தக் காகிதத்தின் மேல் அவர் 'அக்கா தம்பி 46' என்று எழுதி, கடை ஆணியில் மாட்டியிருக்கிறார். போன ஓணத்துக்கு முன் எங்கள் மாமா மகனும் அவன் மனைவியும் இதே சட்டை வேண்டுமென்று வந்தார்கள். அவன் மனைவிக்கு மார்பளவு 44. 46இல் இரண்டு அங்குலம்தான் தளர்வு. போட்டுப் பார்த்தபோது அது பெட்டி வெட்டாக இல்லை, இறுக்கமான சட்டையாக இருந்தது. சுற்றளவை 52ஆகக் கூட்டினால் அவளுக்குச் சரியாக வரும், ஆனால் மார்பளவு 36 உள்ள அவனுக்கு அது பதினாறு அங்குலத் தளர்வு; தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் போய் நிற்கும். இரண்டு உடம்புகளின் மார்பளவு நான்கு அங்குலத்துக்குமேல் வேறுபட்டால் ஒரே சட்டையைப் பகிர்வதைவிட, ஒரே துணியில் இரண்டு அளவில் தைப்பதுதான் நடக்கிற காரியம் என்று அவர்களிடம் சொன்னேன். அண்ணாச்சி இரண்டு புதிய காகிதங்களை வெட்டி, அதே ஆணியில் எங்களுடையதற்கு மேல் மாட்டினார்.